கை எட்டாத இடத்து வட்டம்: ஒரு படர்தாமரை நோயாளியின் நிகழ்வு ஆய்வு

மார்கழி மாதம், மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு காலை. வலிகாமம் பக்கத்து வைத்தியசாலையொன்றின் வெளிநோயாளர் பிரிவில் அவரைப் பார்த்தேன். வயது 46. வெங்காயமும் மிளகாயும் செய்கிற தோட்டக்காரர். கூடவே மனைவியும் வந்திருந்தார். சட்டையைக் கழற்றச் சொன்னபோது வயிற்றைக் காட்டத் தயங்கினார். இடுப்பைச் சுற்றி, சாரத்தின் பட்டி அழுத்துகிற இடம் முழுவதும் சிவப்பும் கருப்பும் கலந்த படலம். அதற்குள் கோடுகள் வளைந்து வளைந்து ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று விரல் வைத்துச் சொல்ல முடியாத படம்.

"ஆவணியில ஒரு சின்ன வட்டம்தான் டொக்டர். ஒரு ரூபாய்க் குத்தியளவு. கடி தாங்கேலாது. கிறீம் ஒண்டு பூசினன், ரெண்டு நாளில கடி நிண்டுது. விட்டா திரும்ப வந்திடும். பிறகு பூசிறது, விடுறது, பூசிறது."

கிறீமைக் கொண்டு வந்திருக்கிறாரா என்று கேட்டேன். மனைவி கைப்பையிலிருந்து எடுத்துத் தந்தார். கடைசி வரை பிதுக்கி எடுத்து, சுருட்டி மடித்த குழாய். அயலவர் ஒருவர் தனக்கு நல்ல சுகம் என்று சொல்லிக் கொடுத்ததாம். பிறகு இவர்களே சீட்டில்லாமல் பாமசியில் வாங்கியிருக்கிறார்கள். எழுத்துகளைப் பார்த்தேன். குளோபெட்டாசோல், அதோடு ஒரு பங்கசு மருந்து, ஒரு நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து. குளோபெட்டாசோல் என்பது தோலில் பூசும் ஸ்டீரொயிட்டுகளில் மிகவும் வலுவான வகை. நான்கு மாதத்தில் இவர் ஐந்து குழாய்கள் முடித்திருந்தார்.

இப்படியொருவர் வந்தால் வயிற்றைப் பார்த்தே படர்தாமரை என்று சொல்லிவிடலாம் போலத் தோன்றும். ஆனால் அந்த வயிற்றில் படர்தாமரையின் அடையாளம் என்று நாம் படித்தது எதுவுமே ஒழுங்காக இல்லை. விளிம்பு மழுங்கிப் போயிருந்தது. செதில் மிகக் குறைவு. நடு தெளியவில்லை. எக்சிமா என்றாலும் பொருந்தும், சொரியாசிஸ் என்றாலும் ஒருவர் நம்பக்கூடும். ஸ்டீரொயிட் தோலின் படத்தை அழித்துவிட்டிருந்தது.

அப்புறம் அவரைத் திரும்பி நிற்கச் சொன்னேன்.

முதுகில், வலது தோள்பட்டை எலும்புக்குக் கீழே, நடுவை ஒட்டி ஒரு வட்டம் இருந்தது. அப்படியொன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. மனைவிக்குத் தெரிந்திருந்தாலும் வயிற்றில் உள்ளதுதான் பெரிது என்று விட்டிருந்தார். குறுக்களவு 5 சென்ரிமீற்றர். விளிம்பு மெல்லிய வரப்பு போலச் சற்று உயர்ந்து, சிவந்து, அதன் மேல் உமி ஒட்டியது போல வெள்ளைச் செதில். வரப்பில் இரண்டு மூன்று இடங்களில் ஊசிமுனையளவு கொப்புளம். உள்ளே வர வர சிவப்பு மங்கி, நடுப்பகுதி கிட்டத்தட்டச் சுற்றியுள்ள தோலின் நிறத்துக்கே வந்திருந்தது, சற்றுக் கருமை மட்டும். கை எட்டாத இடம். அதனால் கிறீம் படாத இடம். நோய் தன் சொந்த முகத்தோடு அங்கே இருந்தது.

அன்று என்னோடு பயிற்சி வைத்தியர் ஒருவரும் இருந்தார். அந்த வட்டத்தை அவருக்கு விளக்கியதையே இங்கேயும் எழுதுகிறேன், ஏனென்றால் இந்த நோயைப் புரிந்துகொள்ள வேண்டியது முழுவதும் அந்த விளிம்பில் இருக்கிறது.

படர்தாமரையை உண்டாக்குவது புழு அல்ல, பூச்சிக்கடியும் அல்ல. நம் தோலின் மேலே இறந்த கலங்களாலான ஒரு மெல்லிய படை இருக்கிறது. கெரற்றின் என்ற புரதம் நிறைந்த படை அது. நகமும் முடியும் ஆக்கப்பட்ட அதே பொருள். இந்தக் கெரற்றினைக் கரைத்து உண்ணும் ஆற்றல் சில பங்கசுகளுக்கு, அதாவது பூஞ்சைகளுக்கு, உண்டு. ட்ரைக்கோபைற்றன் என்ற பேரினம் அவற்றில் முக்கியமானது. ஒரு வித்தி தோலில் ஒட்டினால் அதிலிருந்து இழை முளைக்கும். இழை கீழே உயிருள்ள படைக்குள் பெரும்பாலும் இறங்குவதில்லை. மேற்படைக்குள்ளேயே பக்கவாட்டில், எல்லாத் திசையிலும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் பரவும். எல்லாத் திசையிலும் ஒரே வேகம் என்றால் கிடைக்கும் உருவம் வட்டம்.

அப்படியானால் அது நிறைந்த வட்டமாக அல்லவா இருக்க வேண்டும், வளையமாக ஏன் மாறுகிறது? தரவையில் காய்ந்த புல்லில் நெருப்புப் பிடித்ததைப் பார்த்தவர்களுக்கு இது எளிதாக விளங்கும். நெருப்பு ஒரு புள்ளியில் தொடங்கி வெளிப்பக்கமாக ஓடும். எரியும் சுவாலை விளிம்பில் மட்டும் இருக்கும், நடுவில் சாம்பல். தோலில் நடப்பது இதை ஒத்தது, ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நடுவில் பங்கசுக்கு உணவு தீர்ந்துபோவதில்லை. உடம்பு அதை அங்கிருந்து துரத்திவிடுகிறது. பங்கசு இருப்பதை உடலின் எதிர்ப்புக் கலங்கள் அறிய சில நாட்களோ ஒன்றிரண்டு வாரங்களோ எடுக்கும். அறிந்ததும் அந்த இடத்தில் அழற்சி வரும். தோல் சிவக்கும், கடிக்கும். அழற்சி வந்த தோல் புதிய கலங்களை வழமையை விட வேகமாக மேலே தள்ளும். பழைய மேற்படை பங்கசையும் சுமந்துகொண்டு செதிலாக உதிரும். அந்தச் செதில்தான் விளிம்பில் நாம் காணும் உமி.

உதிர்ந்து முடிந்த இடம் நடு. இப்போது உதிர்ந்துகொண்டிருக்கும் இடம் விளிம்பு. அதற்குச் சற்று வெளியே, கண்ணுக்கு நல்ல தோலாகத் தெரியும் இடத்தில், இழைகள் ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருக்கும். விளிம்பு ஏன் உயிரோடு இருக்கிறது, நடு ஏன் தெளிகிறது என்பதற்கு இதற்கு மேல் மருமம் இல்லை. உடம்பு துரத்துகிறது, பங்கசு வெளிப்பக்கமாக ஓடுகிறது. அந்த ஓட்டத்தின் தடம்தான் வளையம்.

இதிலிருந்து வயிற்றுப் படத்துக்கும் விளக்கம் கிடைத்துவிடும். ஸ்டீரொயிட் பங்கசைக் கொல்லாது. துரத்துகிற உடம்பின் கையைத்தான் கட்டிப்போடும். கடி நிற்கும், சிவப்பு குறையும், செதில் குறையும், நோயாளிக்கு நிம்மதி. ஆனால் துரத்துவார் இல்லாததால் பங்கசு இருந்த இடத்திலேயே பெருகும், தெளிந்த நடுவுக்குள்ளும் திரும்ப வரும். கிறீமை நிறுத்தியதும் உடம்பு மறுபடி துரத்தத் தொடங்கும், புதிய வளையம் எழும். மறுபடி பூசினால் அது பாதியில் அடங்கும். இப்படிப் பூசியும் விட்டும் நான்கு மாதம் போனால், வளையத்துக்குள் வளையமாக, தண்ணீரில் கல் போட்ட அலை போன்ற படம் வரும். அவருடைய வயிற்றில் இருந்தது அதுதான். கிறீமில் பங்கசு மருந்தும் கலந்திருந்ததே என்று கேட்கலாம். கடி நின்றதும் இரண்டு நாளில் விட்டுவிடுகிற பூச்சில் அந்த மருந்து வேலையை முடிக்கப் போதிய நாள் கிடைப்பதில்லை. ஸ்டீரொயிட்டோ அந்த இரண்டு நாளிலேயே தன் வேலையைக் காட்டிவிடுகிறது.

கண்ணால் கண்டது போதாது, சுரண்டிப் பார்ப்போம் என்று முடிவு செய்தோம். பயிற்சி வைத்தியர் முதுகு வட்டத்திலிருந்து மாதிரி எடுத்தார். கண்ணாடித்தகட்டில் வைத்து, 10% பொட்டாசியம் ஐதரொட்சைட்டு ஒரு துளி விட்டு, மூடித்தகடு வைத்து, 15 நிமிடம் பொறுத்துப் பார்த்தார்.

"சேர், ஒண்டும் இல்லை."

எங்கேயிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டேன். நடுவிலிருந்து எடுத்திருந்தார். அவர் மேல் பிழை சொல்ல மாட்டேன். நோய் என்றால் அதன் நடுவில்தான் அதிகம் இருக்கும் என்று நினைப்பது இயல்பு. இந்த நோயில் மட்டும் அது தலைகீழ். நடு என்பது நோய் விட்டுப்போன இடம்.

இரண்டாவது முறை இருவரும் சேர்ந்து எடுத்தோம். முதலில் மதுசாரம் நனைத்த பஞ்சால் துடைத்தோம். எண்ணெயோ கிறீமோ படிந்திருந்தால் தகட்டில் துளித்துளியாகத் தெரிந்து பார்வையைக் கெடுக்கும். பிறகு கத்தியின் மழுங்கிய பக்கத்தைத் தோலுக்குச் சாய்வாகப் பிடித்து, விளிம்பின் உட்புறத்திலிருந்து வெளிப்புறமாக, செதில் உள்ள வரப்பை மட்டும் சுரண்டினோம். இரத்தம் வரக் கூடாது, செதில் மட்டும் வர வேண்டும். பொட்டாசியம் ஐதரொட்சைட்டு தோலின் கலங்களை மெல்லக் கரைத்துத் தெளிவாக்கும். பங்கசின் சுவர் அதற்கு அவ்வளவு எளிதில் கரையாது. அதனால் கலங்கள் மங்கிப் போக இழைகள் மட்டும் எஞ்சித் தெரியும். அவசரப்பட்டு ஐந்து நிமிடத்தில் பார்த்தால் கரையாத கலங்கள் குவிந்து கிடப்பதே தெரியும். வழக்கத்தை விட ஒரு மடங்கு பொறுமை வேண்டிய பரிசோதனை இது.

நுணுக்குக்காட்டியில் ஒளியைச் சற்றுக் குறைத்துப் பார்த்தோம். ஒளி கூடினால் நிறமில்லாத இழை கண்ணுக்கு அகப்படாது. சிறிய வில்லையில் தேடி, பெரிய வில்லையில் உறுதி செய்தோம். கலங்களின் எல்லைகளை வெட்டிக்கொண்டு போகும், ஒரே தடிப்புள்ள, கிளைவிட்ட, இடையிடையே குறுக்குச் சுவருள்ள இழைகள். "கலங்களை வெட்டிக்கொண்டு" என்பது முக்கியம். புதிதாகப் பார்ப்பவர்கள் கலங்களுக்கு இடையேயுள்ள கோடுகளையே இழை என்று நினைத்துவிடுவார்கள். அந்தக் கோடுகள் கலத்தின் ஓரத்தைச் சுற்றியே போகும். பங்கசு இழை யாருடைய வேலியையும் மதிக்காமல் நேரே குறுக்கே போகும்.

வயிற்றிலிருந்தும் எடுத்தோம். அங்கே விளிம்பு தெளிவில்லாததால் செதில் சற்றேனும் இருந்த மூன்று இடங்களில் சுரண்டினோம். தகடு முழுவதும் இழைகள். முதுகை விடப் பல மடங்கு. ஸ்டீரொயிட் பூசிய இடத்தில் வெளியே அமைதியாகவும் உள்ளே நெருக்கமாகவும் இருப்பது இந்த நோயின் வழமை. ஒன்றைச் சொல்ல வேண்டும்: சுரண்டிப் பார்த்து இழை கிடைக்கவில்லை என்பதால் மட்டும் பங்கசு இல்லை என்று ஆகிவிடாது. மாதிரி எடுத்த இடமும் பார்க்கிற கண்ணும் தவறலாம். விளிம்பு இவ்வளவு தெளிவாகச் சொல்லும்போது தகடு இல்லை என்றால், மறுபடி சுரண்ட வேண்டும்.

வளையமாக வருவதெல்லாம் படர்தாமரை அல்ல என்பதையும் அன்று பேசினோம். நாணயம் போன்ற எக்சிமா வட்டமாக வரும், ஆனால் நடு பெரும்பாலும் தெளியாது. மேற்பரப்பு முழுவதும் ஒரே மாதிரிச் செதிலும் நீர்க்கசிவும் இருக்கும். வேறு சில வளையங்களில் செதில் விளிம்பின் வெளிப்பக்கத்தில் இல்லாமல் உட்பக்கமாகப் பின்தங்கி நிற்கும். வளையமாக எழும் இன்னொரு நோயில் விளிம்பு கெட்டியாக உயர்ந்து, செதிலே இல்லாமல் வழுவழுப்பாக இருக்கும். செதில் இல்லாத விளிம்பைக் கண்டால் பங்கசு என்ற எண்ணத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம், நோயாளி ஸ்டீரொயிட் பூசாதவராக இருந்தால்.

இவற்றையெல்லாம் விட எனக்குப் பயமான ஒன்று தொழுநோய். இலங்கையில் இன்னும் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிற நோய் அது. அதிலும் உயர்ந்த விளிம்பும் தெளிந்த நடுவும் உள்ள திட்டு வரும். படர்தாமரை என்று மாதக்கணக்கில் கிறீம் கொடுத்துவிட்டால் நரம்பு அந்த மாதங்களில் கெட்டுப்போகும். வேறுபடுத்த ஒரு பஞ்சு நூல் போதும். அவரைக் கண்ணை மூடச் சொல்லி, முதுகு வட்டத்தின் நடுவிலும் விளிம்பிலும் வெளியிலும் மாறி மாறித் தொட்டேன். தொட்ட ஒவ்வொரு தடவையும் "ம்" என்றார். உணர்வு எங்கேயும் குறையவில்லை. நடுவில் முடி இருந்தது, வியர்வையும் இருந்தது. முழங்கையின் பின்னால் நரம்பைத் தடவிப் பார்த்தேன், தடிப்பில்லை. தொழுநோய்த் திட்டு பொதுவாகக் கடிக்காது, இவருக்கோ கடியே பெரும்பாடு. கடிக்காத வளையம் ஒன்றைக் கண்டால் இந்தப் பஞ்சுச் சோதனையை ஒருபோதும் விடக் கூடாது.

சரி, மருந்து. ஒரே ஒரு சிறிய வட்டம், ஸ்டீரொயிட் படாதது என்றால் குளோட்ரிமசோல் 1% கிறீமை நாளுக்கு இரண்டு தடவை, விளிம்பைத் தாண்டி 2 சென்ரிமீற்றர் வரை, இரண்டு முதல் நான்கு வாரம் பூசினால் போதும். விளிம்பைத் தாண்டிப் பூசச் சொல்வது, இழைகள் அங்கே முந்திப் போயிருப்பதால்தான். இவருக்கு அது போதாது. இடுப்பு முழுவதும் பரவியிருந்தது, மாதக்கணக்கில் ஸ்டீரொயிட் பட்டிருந்தது. அத்தகைய தோலில் பங்கசு மயிர்க்கால்களுக்குள் இறங்கியிருக்கக்கூடும், பூச்சு அங்கே எட்டாது. ஈரல் பரிசோதனையும் இரத்தச் சீனியும் பார்த்தோம், இரண்டும் சரி. இருதய நோய் இல்லை, வேறு குளிசை எதுவும் எடுப்பதில்லை. இற்றகொனசோல் 100 மில்லிகிராம், காலையும் இரவும் சாப்பாட்டோடு, நான்கு வாரத்துக்குத் தொடங்கினேன். இந்தக் குளிசை வயிற்று அமிலம் இருந்தால்தான் உடம்பில் சேரும். வயிறு எரிகிறது என்று பலர் இடையில் எடுக்கிற அமிலக் குறைப்பு மருந்தை எடுக்க வேண்டாம் என்று தனியாகச் சொன்னேன். தெர்பினபைன் என்ற இன்னொரு குளிசையும் உண்டு, நல்ல மருந்து. ஆனால் தெற்காசியாவில் அதற்குக் கட்டுப்படாத ட்ரைக்கோபைற்றன் வகை பரவியிருப்பதால், இப்படி நாட்பட்ட நோயாளிக்கு நான் இற்றகொனசோலைத் தேர்ந்தேன்.

ஸ்டீரொயிட் கிறீமை அன்றே நிறுத்தச் சொன்னேன். அவரைவிட மனைவிக்கு அது கடினமாக இருந்தது. இரவில் கணவர் சொறிகிற சத்தத்தைக் கேட்டவர் அவர். பேனா எடுத்து முதுகு வட்டத்தின் விளிம்பைச் சுற்றி ஒரு கோடு போட்டேன். வயிற்றிலும் வெளி எல்லையைச் சுற்றிப் போட்டேன். குளித்தால் மங்கும், மங்கினால் அதே இடத்தில் திரும்பப் போடுங்கள் என்று மனைவியிடம் சொன்னேன்.

ஐந்தாம் நாள் மனைவியிடமிருந்து தொலைபேசி வந்தது. "டொக்டர், கூடிப்போச்சு. வயிறு நெருப்பு மாதிரிச் சிவந்திருக்கு. குளிசை ஒத்துக்கொள்ளேல்லையோ?"

இது வரும் என்று எனக்குத் தெரியும். கிறீமை நிறுத்தினால் முதல் வாரம் சிவக்கும் என்று அவரிடம் சொல்லியிருந்தேன். மனைவி அப்போது இரத்தப் பரிசோதனைத் துண்டை எடுக்க வெளியே போயிருந்தார், அவருக்குத் திரும்பச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அது என் தவறு. வீட்டில் கூட இருந்து பார்த்துக்கொள்கிறவர் யாரோ அவருக்குத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். வரச் சொல்லிப் பார்த்தேன். வயிறு உண்மையிலேயே சிவந்திருந்தது, செதிலும் கூடியிருந்தது. கை கட்டு அவிழ்ந்த உடம்பு நான்கு மாதத்து வேலையை ஒரே வாரத்தில் செய்யப் பார்த்தது. ஆனால் சிவப்பு பேனாக் கோட்டை ஓரிரு இடத்தில் தொட்டு நின்றதே தவிரத் தாண்டவில்லை. முதுகில் கோட்டுக்கும் விளிம்புக்கும் இடையில் நல்ல தோல் தெரியத் தொடங்கியிருந்தது. அதை மனைவிக்குக் காட்டினேன். அவர் குனிந்து நன்றாகப் பார்த்தார். மருந்தைத் தொடர்வோம் என்று அவரே சொன்னார். கடிக்கு இரவில் ஒரு செட்ரிசின் கொடுத்தேன்.

அன்றுதான் வீட்டாரைப் பற்றியும் கேட்டேன். முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். மனைவிக்கு மார்புக்குக் கீழே ஒரு திட்டு, சொல்ல வெட்கப்பட்டு விட்டிருந்தார். பதினைந்து வயது மகனுக்குத் தொடையிடுக்கில். மூவருக்கும் ஒரே துவாய். மழைக்காலத்தில் உடுப்பு வீட்டுக்குள்ளேயே கொடியில் காய்கிறது, அரை ஈரத்தோடு உடுக்கிறார்கள். இவர் தோட்டத்தால் வந்து கிணற்றடியில் குளித்துவிட்டு இடுப்பைத் துடைக்காமலே அடுத்த சாரத்தைக் கட்டிக்கொள்வார். பட்டிக்குக் கீழே தோல் நாள் முழுவதும் ஊறிக்கொண்டிருக்கும். பங்கசுக்கு இதைவிட நல்ல நிலம் கிடைக்காது. ஒருவருக்கு மட்டும் மருந்து கொடுத்தால் மற்ற இருவரிடமிருந்து திரும்ப வரும். மனைவிக்கும் மகனுக்கும் அன்றே பூச்சு தொடங்கினோம். துவாயைப் பிரித்துக்கொள்ளவும், வெயில் கண்ட நேரத்தில் உடுப்பை வெளியே காயப் போடவும், மற்ற நாளில் உள்ளுடுப்பையாவது இஸ்திரிக்கை போட்டு உடுக்கவும் சொன்னேன்.

நான்காம் வாரம் முதுகு வட்டத்தில் செதில் இல்லை. வயிற்றில் இரண்டு இடத்தில் இன்னும் மெல்லிய வரப்பு இருந்தது, சுரண்டியதில் இழை கிடைத்தது. இன்னும் இரண்டு வாரம் குளிசையை நீட்டினேன். ஆறாம் வாரம் சுரண்டியதில் இழை இல்லை. இடுப்பு மட்டும் கருத்துக் கிடந்தது. அதைப் பார்த்து நோய் போகவில்லை என்று அவர் கவலைப்பட்டார். அவர் விரலைப் பிடித்து அந்தக் கருமையின் ஓரத்தில் தடவ வைத்தேன். வரப்பு இல்லை, செதில் இல்லை. கருமை அழற்சி விட்டுப்போன நிறம், மாதக்கணக்கில் தானாக மங்கும், அதற்கு எந்தக் கிறீமும் பூச வேண்டாம் என்றேன். அடிவயிற்றில் சில வரித்தழும்புகளும் தெரிந்தன. அவை ஸ்டீரொயிட் தோலை மெலிய வைத்ததால் வந்தவை, முழுதாகப் போகாது. அதையும் மறைக்காமல் சொன்னேன்.

பங்குனியில் மகன் தனியாக வந்தான். கழுத்தின் பக்கவாட்டில் ஒரு வட்டம், ஒரு பத்து ரூபாய்க் குத்தியைவிடச் சின்னது. நடு இப்போதுதான் தெளியத் தொடங்கியிருந்தது. "ஒண்டும் பூசேல்லை டொக்டர்" என்றான். வட்டத்தைச் சுற்றி நீலப் பேனாவால் தானே கோடு போட்டிருந்தான். விளிம்பு அந்தக் கோட்டைத் தாண்டி நெல்மணியளவு வெளியே வந்திருந்தது. சுரண்டினேன், இழை இருந்தது. குளோட்ரிமசோல் கிறீம் எழுதிக் கொடுத்தேன், மூன்று வாரத்துக்கு.